லாஸ் கோடுகள் விலகுகின்றனவா? டிராப்அவுட் போடும் முன் பார்க்க வேண்டியவை

ட்ரெயினிங் லாஸ் இறங்குகிறது, வேலிடேஷன் லாஸ் ஏறுகிறது என்றதும் "ஓவர்ஃபிட் ஆகிவிட்டது, டிராப்அவுட் போடு" என்று கை பரபரக்கும். ஆனால் அதே படம் வேறு காரணங்களாலும் வரும். அவற்றில் சிலவற்றுக்கு டிராப்அவுட் எந்தப் பயனும் தராது, உண்மையான கோளாறை மறைக்க மட்டும் உதவும். அதனால் படத்தின் வடிவத்தையே அறிகுறியாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், காசும் நாளும் பிடிக்கும் தீர்வு கடைசியில்.

எல்லா இடத்திலும் ஒரே தரவை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: திருநெல்வேலிப் பக்கத்து வயல்களில் எடுத்த நெற்பயிர்ப் படங்களைக் கொண்ட 'பேடி டாக்டர்' தொகுப்பு. 2022-இல் காகில் போட்டிக்காக வந்த பயிற்சித் தொகுதியில் லேபிள் உள்ள 10,407 படங்கள், 10 வகுப்புகள். அதிகம் உள்ளது `normal`, 1,764 படங்கள். குறைந்தது `bacterial_panicle_blight`, 337 படங்கள். இதை 80/20 என்று பிரித்தால் பயிற்சிக்கு 8,326, வேலிடேஷனுக்கு 2,081. மாடல், இமேஜ்நெட்டில் ஏற்கெனவே பயிற்சி பெற்ற ரெஸ்நெட்-18. லாஸ், கிராஸ் என்ட்ரபி. கீழே வரும் லாஸ் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஓட்டத்தில் வேறாகத்தான் வரும், வடிவம்தான் முக்கியம்.

## எந்த அறிகுறிக்கும் முன்: மூன்றாவது கோடு

வழக்கமாக நாம் வரையும் இரண்டு கோடுகளும் ஒரே அளவுகோலில் அளந்தவை அல்ல. ட்ரெயினிங் லாஸ், ஆக்மென்டேஷன் செய்த படங்களில், டிராப்அவுட் ஓடிக்கொண்டிருக்கும்போது, எபாக் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும் எடைகளை வைத்து எடுத்த சராசரி. வேலிடேஷன் லாஸ், சுத்தமான படங்களில், எபாக் முடிந்த பிறகு உள்ள எடைகளை வைத்து எடுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அப்படியே ஓவர்ஃபிட்டிங் என்று படிக்கக் கூடாது.

எனவே மூன்றாவது கோடு ஒன்று வேண்டும். பயிற்சிப் படங்களில் ஏதாவது 2,000-ஐ ஒரே முறை தேர்ந்தெடுத்து நிலையாக வைத்துக்கொண்டு, வேலிடேஷனுக்குப் போடும் அதே டிரான்ஸ்ஃபார்மோடு, எபாக் முடிந்ததும் அளக்க வேண்டும்.

```python
@torch.no_grad()
def clean_loss(model, loader, device):
    model.eval()
    total, n = 0.0, 0
    for x, y in loader:
        x, y = x.to(device), y.to(device)
        out = model(x)
        total += F.cross_entropy(out, y, reduction="sum").item()
        n += y.size(0)
    model.train()
    return total / n
```

இதே ஃபங்ஷனை வேலிடேஷனுக்கும் பயன்படுத்துங்கள். பேட்ச் சராசரிகளின் சராசரியை எடுத்தால், சிறிய கடைசி பேட்சுக்கும் முழு பேட்சுக்கும் ஒரே மதிப்பு போய்விடும். `reduction="sum"` போட்டு மொத்தப் படங்களால் வகுத்தால் அந்தத் தொல்லை இல்லை. இனி இந்தக் கோட்டைச் 'சுத்தக் கோடு' என்கிறேன். கீழே உள்ள பெரும்பாலான முடிவுகளை இதுதான் தீர்மானிக்கும்.

இன்னொரு சின்ன வேலை: பயிற்சி தொடங்கும் முன்பே ஒருமுறை லாஸை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 10 வகுப்புகளுக்கும் சமவாய்ப்பு கொடுத்தால் லாஸ் ln 10, அதாவது 2.30. ஆரம்ப எண் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 6, 7 என்று வந்தால் கோளாறு கோடு தொடங்கும் முன்பே தொடங்கிவிட்டது.

## அறிகுறி 1: சுத்தக் கோடு இறங்குகிறது, வேலிடேஷன் இறங்கிப் பிறகு ஏறுகிறது

30 எபாக் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். வேலிடேஷன் லாஸ் 8-ஆவது எபாக்கில் 0.42 வரை இறங்கி, 20-இல் 0.70-க்கு ஏறிவிட்டது. சுத்தக் கோடு 20-இல் 0.02. இது அசல் ஓவர்ஃபிட்டிங்தான், மாடல் பயிற்சிப் படங்களை மனப்பாடம் செய்துவிட்டது. ஆனால் மருந்து தேடும் முன் அக்யூரசி கோட்டையும் பாருங்கள். அது இறங்கவில்லை என்றால் அறிகுறி 2-க்குப் போங்கள். அதுவும் இறங்கினால் இங்கேயே தொடரலாம்.

அதிக நேரம் ஓடியதா? இலவசமான தீர்வு இதுதான். வேலிடேஷன் லாஸ் மிகக் குறைவாக இருந்த எபாக்கின் எடைகளைச் சேமித்து அதையே பயன்படுத்துவது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று: லேர்னிங் ரேட்டை கொசைன் முறையில் 30 எபாக்குக்குத் திட்டமிட்டு, 8-இல் நிறுத்தினால், லேர்னிங் ரேட் இன்னும் உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதே மாடலை எடுத்துவிடுகிறோம். அது சரியாக அடங்காத மாடல். நடுவில் நிறுத்துவதைவிட, மொத்தத் திட்டத்தையே 10 அல்லது 12 எபாக்காகச் சுருக்கி மறுபடி ஓட்டுவது நல்லது. கடைசி எபாக்குகளில் ரேட் பூஜ்யத்தை நெருங்கும்போது வேலிடேஷன் லாஸ் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

ஆக்மென்டேஷன் போதுமா? இடவலமாகத் திருப்புவது, கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்குவது இரண்டும் இந்தப் படங்களுக்கு ஆபத்தில்லாதவை. நிறத்தில் மட்டும் கை வைக்கும் முன் யோசியுங்கள். டுங்ரோ வந்த இலை மஞ்சளாக, ஆரஞ்சாக மாறும். அந்த நிறம்தான் அடையாளமே. வண்ணச்சாயலைத் தாராளமாக மாற்றும் ஆக்மென்டேஷன் போட்டால் இரண்டு கோடுகளும் நெருங்கிவிடும், ஆனால் `tungro` வகுப்பு தடுமாறும். இடைவெளி குறைந்தது என்று மகிழாமல், வேலிடேஷன் லாஸின் அடிமட்டம் 0.42-க்குக் கீழே போனதா என்று மட்டும் பாருங்கள். ட்ரெயினிங்கைக் கெடுத்தும் இடைவெளியைக் குறைக்கலாம், அதில் லாபம் ஒன்றும் இல்லை.

வெயிட் டிகே, மாடல் அளவு. பைடார்ச்சில் `Adam`-க்கு வெயிட் டிகே இயல்பாகவே 0. `AdamW`-க்கு 0.01. எது ஓடுகிறது என்று முதலில் பாருங்கள், பிறகு 0.05, 0.1 என்று ஏற்றிப் பாருங்கள். அப்புறம், முன்பயிற்சி பெற்ற அடுக்குகளுக்கு லேர்னிங் ரேட்டைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தோ, முதல் சில அடுக்குகளை உறையவைத்தோ ஓட்டிப் பார்க்கலாம். டிராப்அவுட்டின் முறை இங்கேதான் வருகிறது, அதற்கு முன் இல்லை.

லேபிள்கள் தப்பா? இதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் பலன் பெரிது. தப்பான லேபிள் உள்ள படங்களை மாடல் கடைசியில்தான் மனப்பாடம் செய்யும். எனவே முழுப் பயிற்சியும் முடிந்த மாடலை வைத்துத் தேடினால் அவை கிடைக்காது, லாஸ் ஏற்கெனவே பூஜ்யத்துக்கு வந்திருக்கும். 2 அல்லது 3-ஆவது எபாக்கின் எடைகளை எடுத்து, பயிற்சிப் படங்களை லாஸ் அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்தி, முதல் நூறைக் கண்ணால் பாருங்கள். கஷ்டமான படங்களும் தப்பான லேபிள்களும் கலந்துதான் வரும்.

இன்னும் படங்கள் வேண்டுமா? கேட்கும் முன் ஒரு சோதனை. பயிற்சித் தரவில் கால்பங்கு, பாதி, முழுசு என்று மூன்று முறை ஓட்டி, ஒவ்வொன்றிலும் வேலிடேஷன் லாஸின் அடிமட்டத்தைக் குறியுங்கள். பாதியிலிருந்து முழுசுக்கு வரும்போது இன்னும் நன்றாக இறங்கினால் புதுப் படங்களுக்குச் செலவு செய்யலாம். அங்கேயே தட்டையாகிவிட்டால் அதே வயலில் இன்னும் ஆயிரம் படம் எடுத்தும் பெரிதாக எதுவும் மாறாது.

ஆளைக் கூப்பிடும் இடம்: மேலே பார்த்த நூறு படங்களில் `blast`-ஆ `brown_spot`-ஆ என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுங்கள். குலைநோய்ப் புள்ளி கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறத்தோடு இருக்கும்; பழுப்புப் புள்ளி வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும் என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம்தான். இளம் புள்ளியில் அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. பயிர் நோயியல் தெரிந்த ஒருவரிடம் அந்தப் படங்களைக் கொடுங்கள். நாமே லேபிளைத் திருத்தப் போனால் ஒரு தப்புக்குப் பதில் இன்னொரு தப்பு வரும்.

## அறிகுறி 2: வேலிடேஷன் லாஸ் ஏறுகிறது, அக்யூரசியும் ஏறுகிறது

முதல் முறை பார்ப்பவர்கள் கோடில் பிழை என்றே நினைப்பார்கள். பிழை இல்லை, கணக்கே அப்படித்தான். 100 படங்களை எடுத்துக்கொள்வோம்.

5-ஆவது எபாக்கில் 90 படங்களுக்குச் சரியான விடைக்கு 0.9 நிகழ்தகவு தருகிறது; ஒவ்வொன்றின் லாஸ் 0.105. மீதி 10 படங்களில் தப்பு, சரியான விடைக்கு 0.1 மட்டும், ஒவ்வொன்றின் லாஸ் 2.303. சராசரி 0.095 + 0.230, அதாவது சுமார் 0.325.

25-ஆவது எபாக்கில் 92 படங்கள் சரி, அதுவும் 0.99 உறுதியோடு; ஒவ்வொன்றின் லாஸ் 0.01. மீதி 8-இல் மாடல் தப்பை அடித்துச் சொல்கிறது, சரியான விடைக்கு 0.001 மட்டும்; ஒவ்வொன்றின் லாஸ் 6.908. சராசரி 0.009 + 0.553, அதாவது சுமார் 0.562.

அக்யூரசி 90-இலிருந்து 92 சதவீதம். லாஸ் 0.325-இலிருந்து 0.562. விடைகள் மேம்பட்டன, ஆனால் தப்பாகும்போது மாடலுக்கு அளவுக்கு மீறிய தன்னம்பிக்கை. இதுவும் ஓவர்ஃபிட்டிங்தான், நிகழ்தகவின் பக்கத்தில் நடக்கிறது.

சோதனை எளிது: வேலிடேஷன் படங்களின் தனித்தனி லாஸை வரிசைப்படுத்தி, மேலே உள்ள 5 சதவீதப் படங்கள் மொத்த லாஸில் எவ்வளவு பங்கு என்று பாருங்கள். பெரும்பங்கை அவையே தின்றால் அறிகுறி 2 உறுதி.

அடுத்து என்ன செய்வது என்பது மாடலை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வகுப்பின் பெயர் மட்டும் போதும் என்றால் அக்யூரசி அதிகமான எபாக்கை எடுத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. "80 சதவீதத்துக்கு மேல் உறுதி இருந்தால்தான் விவசாயிக்குச் சொல்" என்பது போல எண்ணையே நம்பி ஏதாவது நடக்கிறது என்றால் அப்படி விடக் கூடாது. டெம்பரேச்சர் ஸ்கேலிங் முதல் தேர்வு: பயிற்சி முடிந்த மாடலின் லாஜிட்களை ஒரே ஒரு எண்ணால் வகுத்து, வேலிடேஷன் லாஸ் குறையும்படி அந்த எண்ணைத் தேடுவது. விடைகளின் வரிசை மாறாததால் அக்யூரசி அப்படியே இருக்கும், உறுதி மட்டும் இறங்கும். அது போதாவிட்டால் லேபிள் ஸ்மூத்திங் போட்டு மறுபடி பயிற்சி.

## அறிகுறி 3: வேலிடேஷன் லாஸ் ட்ரெயினிங்கைவிடக் கீழே

இதைப் பார்த்து ஓவர்ஃபிட்டிங் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சுத்தக் கோட்டைப் பாருங்கள்.

சுத்தக் கோடு வேலிடேஷனுக்குக் கீழே போய்விட்டது: அளவுகோல் வித்தியாசம்தான், கோளாறு இல்லை. பெரும்பாலும் ஆக்மென்டேஷன் அல்லது டிராப்அவுட். லேபிள் ஸ்மூத்திங் இருந்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். 10 வகுப்புகளில் `label_smoothing=0.1` போட்டால் சரியான வகுப்பின் இலக்கு 0.91, மற்ற ஒன்பதுக்கும் தலா 0.01. மாடல் அதை அப்படியே எட்டினாலும் லாஸ் 0.50-க்குக் கீழே போகவே முடியாது. ட்ரெயினிங் கோடு 0.55-இல் நிற்க, ஸ்மூத்திங் இல்லாமல் அளந்த வேலிடேஷன் 0.3-இல் இருக்கும். அதே நேரத்தில் சுத்தக் கோடு 0.08-இல் இருந்தால், ஓவர்ஃபிட்டிங் நடந்துகொண்டிருக்கிறது, வழக்கமான படத்தில் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

சுத்தக் கோடும் வேலிடேஷனுக்கு மேலேயே இருக்கிறது: வேலிடேஷன் தொகுதி எளிதாக அமைந்துவிட்டது. வகுப்புவாரியாக எண்ணிப் பாருங்கள். `normal` படங்கள் அங்கே அதிகமாகக் குவிந்திருக்கலாம். வகுப்பு விகிதம் மாறாத மாதிரி மறுபடி பிரியுங்கள்.

## அறிகுறி 4: முதல் எபாக்கிலிருந்தே வேலிடேஷன் இறங்கவில்லை

ட்ரெயினிங் லாஸ் ஒழுங்காக இறங்குகிறது. வேலிடேஷன் தொடக்கத்திலிருந்தே தட்டையாக நிற்கிறது, அல்லது நேராக மேலே ஏறுகிறது. ஓவர்ஃபிட்டிங் என்று அதிகம் தப்பாகப் பெயர் வாங்குவது இதுதான். அசல் ஓவர்ஃபிட்டிங்கில் வேலிடேஷன் முதலில் இறங்கும். மாடல் பொதுவானதைக் கற்ற பிறகுதான் மனப்பாடத்துக்குப் போகும். முதலில் இறங்கவே இல்லை என்றால் குழாய் எங்கோ மாறியிருக்கிறது என்று சந்தேகியுங்கள்.

சுத்தக் கோடும் இறங்கவில்லை: லேபிள் பக்கம் சரி, படத்தைத் தயாரிக்கும் வழியில்தான் தப்பு. பயிற்சியில் இமேஜ்நெட் சராசரியைக் கழித்து நார்மலைஸ் செய்துவிட்டு வேலிடேஷன் டிரான்ஸ்ஃபார்மில் மறந்திருக்கலாம். ஒரு பக்கம் ஓபன்சிவி படிக்கிறது, இன்னொரு பக்கம் பிஐஎல் படிக்கிறது என்றால் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கும். இரண்டு லோடரிலிருந்தும் ஒரு பேட்சை எடுத்து, சேனல்வாரியாகச் சராசரியையும் விலக்கத்தையும் அச்சிட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

சுத்தக் கோடு நன்றாக இறங்குகிறது, வேலிடேஷன் மட்டும் இல்லை: வகுப்பு எண்களைப் பாருங்கள். `ImageFolder` கோப்புறைப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி 0, 1, 2 என்று எண் கொடுக்கும். வேலிடேஷன் கோப்புறையில் `bacterial_panicle_blight` இல்லாமல் போனால், பயிற்சியில் 3-ஆக இருந்த `blast` அங்கே 2 ஆகிவிடும். அதன் பின்னால் உள்ள எல்லாமே ஒன்று தள்ளிப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாடல் எவ்வளவு திறமையாகிறதோ அவ்வளவு உறுதியாகத் 'தப்பு' செய்வதால் வேலிடேஷன் லாஸ் ஏறிக்கொண்டே போகும். கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ் வரைந்தால் மூலைவிட்டம் ஒரு கட்டம் தள்ளி நிற்கும், அதைப் பார்த்த பிறகு சந்தேகமே வராது. இரண்டு `class_to_idx`-களும் சமம்தானா என்று சோதிக்கும் ஒரு `assert` வரியை நிரந்தரமாகவே வைத்துவிடுங்கள்.

மூன்று கோடுகளும் 2.16 பக்கத்திலேயே நிற்கின்றன: இந்தத் தரவில் வகுப்புகளின் விகிதத்தை மட்டும் கற்று, படத்தைப் பார்க்காமலே விடை சொன்னால் கிடைக்கும் லாஸ் அதுதான். மாடல் எதையும் கற்கவில்லை. லேர்னிங் ரேட்டைப் பாருங்கள்.

## அறிகுறி 5: வேலிடேஷன் கோடு பல் பல்லாகத் துள்ளுகிறது

சுத்தக் கோடு அமைதியாக இருக்க, வேலிடேஷன் மட்டும் துள்ளுகிறது: வேலிடேஷன் படங்கள் குறைவு. 2,081 படங்களில் 90 சதவீத அக்யூரசி என்றால் திட்டப்பிழை சுமார் 0.7 சதவீதம், பரவாயில்லை. ஆனால் `bacterial_panicle_blight`-க்கு அங்கே இருப்பது ஏறக்குறைய 67 படங்கள். அதில் 80 சதவீதம் பிடித்தால் திட்டப்பிழை கிட்டத்தட்ட 5 சதவீதம். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே அந்த வகுப்பு 3 சதவீதம் கூடியது குறைந்தது என்று கதை கட்டாதீர்கள். ஐந்து மடிப்பாகப் பிரித்து ஐந்து முறை ஓட்டிச் சராசரி எடுங்கள்.

இரண்டும் சேர்ந்து துள்ளுகின்றன: லேர்னிங் ரேட் அதிகம், அல்லது பேட்ச்நார்ம். 8,326 படங்களை 32 என்று பிரித்தால் கடைசி பேட்சில் 6 படங்கள்தான் மிஞ்சும். வேலிடேஷனுக்குச் சற்று முன் அந்த ஆறு படங்கள் பேட்ச்நார்மின் ஓடும் சராசரியைப் பத்து சதவீதம் தம் பக்கம் இழுத்துவிடுகின்றன. `drop_last=True` போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரேட்டை மூன்றில் ஒரு பங்காக்குங்கள்.

## அறிகுறி 6: கோடுகள் அழகாக இருக்கின்றன, வெளியே போனால் மாடல் சறுக்குகிறது

மூன்று கோடுகளும் ஒட்டி இறங்குகின்றன. வேறு வயலில் எடுத்த படத்தைக் கொடுத்தால் விடை தப்பு. இங்கே கோடுகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காரணம் கிடைக்காது, ஏனென்றால் பிரித்த விதத்திலேயே கசிவு இருக்கிறது. ஒரே செடியை ஒரே நிமிடத்தில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று வேலிடேஷனிலும் விழுந்தால், மனப்பாடம் செய்த மாடலும் தேர்ச்சி பெறும்.

மருத்துவப் படங்களில் இது நன்றாகத் தெரிந்த பிரச்சினை. செஸ்ட்எக்ஸ்ரே14 தொகுப்பில் 1,12,120 படங்கள், ஆனால் நோயாளிகள் 30,805 பேர்தான். அதைப் படவாரியாகக் கலைத்துப் பிரித்தால் ஒரே ஆளின் மார்பு இரண்டு பக்கமும் வந்துவிடும். நோயாளிவாரியாகத்தான் பிரிக்க வேண்டும்.

நம் நெல் தரவில் `train.csv`-இல் இருப்பது `image_id`, `label`, `variety`, `age` என்ற நான்கு பத்திகள். எந்த வயல், எந்தச் செடி என்று இல்லை. இருப்பதை வைத்து இரண்டு சோதனைகள் செய்யலாம். படங்களின் பெர்செப்சுவல் ஹாஷை எடுத்து, பயிற்சிக்கும் வேலிடேஷனுக்கும் நடுவே மிக நெருங்கிய ஜோடிகளைத் தேடி, கிடைத்தவற்றை ஒரே பக்கம் தள்ளுங்கள். அப்புறம் ரகத்தை வைத்துப் பிரியுங்கள்: படங்களில் பெரும்பகுதி `ADT45` ரகம், அதில் மட்டும் பயிற்சி கொடுத்து, மற்ற ரகங்களை வேலிடேஷனாக வையுங்கள். ரகம் மாறும்போது கஷ்டமும் கூடுவதால் லாஸ் கொஞ்சம் ஏறுவது இயல்பு. 0.3-இலிருந்து 1.5-க்குத் தாவினால் முன்பு பார்த்த அழகான கோட்டை நம்ப வேண்டாம்.

ஆளைக் கூப்பிடும் இடம்: இந்தத் தாவலைப் பார்த்த பிறகு மாடலைத் திருத்துவதில் அர்த்தமில்லை, புதுத் தரவுதான் வேண்டும். எத்தனை வயல், எந்தப் பருவம், ஒரு வயலுக்கு எத்தனை செடி என்று திட்டமிட மாதிரியெடுப்பு தெரிந்த புள்ளியியல்காரரையும் அந்தப் பகுதிப் பயிர் தெரிந்த வேளாண் அலுவலரையும் படம் எடுக்கப் போகும் முன்பே உட்கார வைத்துப் பேசுங்கள். வயல் எண்ணையும் செடி எண்ணையும் பதியாமல் எடுத்து வந்த படங்களைப் பிறகு எந்தக் கணக்காலும் சரியாகப் பிரிக்க முடியாது.